ஒரே டிக்கெட்டில் வழியில் இறங்கிப் போகலாமா?

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் பாதையில் தொலைவு 493 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தவர் மதுரையில் இறங்கி, மீனாட்சி அம்மனைக் கும்பிட்டு, இரண்டு நாள் கழித்து அதே டிக்கெட்டில் பயணத்தைத் தொடர முடியாது என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஏழு கிலோமீட்டர் குறைகிறது. அதே ஆள் மதுரையைத் தாண்டி விருதுநகரிலோ கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ இறங்கித் தங்கினால், டிக்கெட்டையும் முறைப்படி எடுத்திருந்தால், ரயில்வே அனுமதிக்கும்.

ரயில்வேயில் இதற்குப் பெயர் ‘பிரேக் ஜர்னி’. கவுன்டரிலும் பிளாட்பாரத்திலும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பேருந்தில் இடையில் இறங்கிவிட்டால் டிக்கெட்டின் கதை அங்கேயே முடிந்தது. நீண்ட தூர ரயில் பயணத்தில் அப்படி இல்லை. ஒரே டிக்கெட்டில் புறப்பட்டு, வழியில் ஓர் ஊரில் தங்கி, மீண்டும் ஏறிச் செல்லும் உரிமை பயணிக்கு உண்டு. நெடுங்காலமாக இருக்கும் உரிமை இது. ஆனால் நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் ‘டிக்கெட் கையில் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம்’ என்று நினைத்து, அடுத்த வண்டியில் அபராதம் கட்டுகிறார்கள்.

விதியின் அடிப்படை எளிது. டிக்கெட் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கானதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வழியில் ஒரு முறை இறங்கித் தங்கலாம். டிக்கெட்டின் தொலைவு 1,000 கிலோமீட்டரைத் தாண்டினால் இரண்டு முறை தங்கலாம். அதற்கு மேல் எவ்வளவு தொலைவு போனாலும் சாதாரண ஒருவழி டிக்கெட்டில் மூன்றாவது முறை கிடையாது. இதோடு ஒரு நிபந்தனையும் சேர்கிறது. பலரும் தவறவிடுவது இதைத்தான். முதல் முறை இறங்கும் ஊர், புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டரைக் கடந்த ஊராக இருக்க வேண்டும். டிக்கெட்டின் மொத்தத் தொலைவு 740 கிலோமீட்டராக இருந்தாலும், முதல் 500 கிலோமீட்டருக்குள் இறங்கினால் அது பிரேக் ஜர்னி ஆகாது.

இதனால் ஒரே பாதையில் போகும்போது ஒரு கணக்கும் வரும்போது வேறு கணக்கும் ஆகிவிடுகிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு வருகிறவருக்கு மதுரை சுமார் 240 கிலோமீட்டர், திருச்சி சுமார் 400 கிலோமீட்டர். இரண்டிலும் இறங்கித் தங்க முடியாது. 500 கடந்தபின் வரும் பெரிய சந்திப்பு விழுப்புரம்தான். அங்கே இறங்கிப் புதுச்சேரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விட்டு வந்து மீண்டும் சென்னைக்கு வண்டியேறலாம். எதிர்த்திசையில் சென்னையிலிருந்து போகிறவருக்கு விழுப்புரம், திருச்சி, மதுரை மூன்றுமே 500-க்குள் அடங்கிவிடுகின்றன. தென்கோடி ஊர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. தமிழ்நாட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறவர்களுக்கு இந்த உரிமை குறைவாகவே பயன்படும் என்பது உண்மை. காசி, டெல்லி, ஹவுரா என்று வடக்கே போகிறவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும்.

எத்தனை நாள் தங்கலாம்? இரண்டு நாள். ஆனால் இந்த இரண்டு நாளில் வந்து சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் சேராது. திங்கட்கிழமை காலை ஓர் ஊரில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் கணக்கில் இல்லை. செவ்வாய், புதன் இரண்டும் உங்களுடையவை. வியாழக்கிழமை முடிவதற்குள் வண்டியேறிவிட வேண்டும். வண்டி தாமதமாகி, திங்கள் இரவு 11 மணிக்கு வர வேண்டியது நள்ளிரவு தாண்டி வந்தால், நீங்கள் வந்த நாள் செவ்வாய். டிக்கெட்டில் அந்த நிலையத்தில் எழுதப்படும் தேதியை வைத்துத்தான் பிறகு எவரும் எண்ணுவார்கள். வெள்ளிக்கிழமை ஏறினால், மீதிப் பயணத்துக்கு அந்த டிக்கெட் செல்லாது. கையில் டிக்கெட்டே இல்லாதவராகத்தான் உங்களை நடத்துவார்கள்.

வண்டி மாறுவதற்காகக் காத்திருப்பது வேறு. ஒரு சந்திப்பில் இறங்கி, இணைப்பு வண்டியைப் பிடிக்க 24 மணி நேரத்துக்குள் காத்திருந்தால் அது பிரேக் ஜர்னியாகவே எண்ணப்படாது. 500 கிலோமீட்டர் நிபந்தனையும் அங்கே குறுக்கே வராது. மதுரையிலிருந்து டெல்லிக்கு ஒரே டிக்கெட் எடுத்தவர் காலையில் சென்னையில் இறங்கி, இரவு வண்டியைப் பிடிக்கிறார் என்றால் 493 கிலோமீட்டர்தானே ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரே சென்னையில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக நினைத்தால்தான் சிக்கல். திருநெல்வேலிக்காரருக்கு அந்தச் சிக்கலும் இல்லை. அவருக்குச் சென்னை சுமார் 650 கிலோமீட்டர்.

அந்தத் திருநெல்வேலிக்காரரையே எடுத்துக்கொண்டு ஒரு பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். அறுபது வயது கடந்த ஒரு தம்பதி. காசிக்குப் போக வேண்டும். போகிற வழியில் சென்னையில் மகளைப் பார்க்க வேண்டும், பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் நீராட வேண்டும். வழக்கமாக என்ன செய்வார்கள்? பையன் செல்போனில் மூன்று தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுப்பான். திருநெல்வேலி–சென்னை ஒன்று, சென்னை–பிரயாக்ராஜ் ஒன்று, பிரயாக்ராஜ்–வாராணசி ஒன்று.

இதில் பணம் எங்கே கூடுதலாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ரயில் கட்டணம் தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கு இத்தனை என்ற வீதத்தில் குறைந்துகொண்டே வரும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வீதம் அதிகம். இரண்டாயிரமாவது கிலோமீட்டரில் மிகக் குறைவு. மூன்று டிக்கெட்டாக எடுத்தால் மூன்று முறையும் அந்த அதிக வீதத்திலிருந்து தொடங்குகிறீர்கள். சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ஒரு முறைதான் தொடங்குகிறீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லீப்பர் வகுப்பில் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும், மூன்றடுக்கு ஏ.சி.யில் இது 300 கிலோமீட்டர். பிரயாக்ராஜிலிருந்து வாராணசி 200 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குத் தனி டிக்கெட் எடுத்தால் போகாத தூரத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள். அதே துண்டு ஒரு நீண்ட டிக்கெட்டின் கடைசிப் பகுதியாக இருக்கும்போது, உள்ளதிலேயே குறைந்த வீதத்தில் அந்தத் தொலைவு மட்டும் மொத்தத்தில் சேர்கிறது. முன்பதிவுக் கட்டணம் முதலியவை இந்தக் கணக்கில் வராது. மிச்சம் கிடைப்பது அடிப்படைக் கட்டணத்தில்.

ஆகவே நம் தம்பதி செல்போனை வைத்துவிட்டு நேரே ரிசர்வேஷன் கவுன்டருக்குப் போக வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஒரு பி.என்.ஆர். என்றால் ஒரு வண்டி, ஏறும் நிலையம் ஒன்று, இறங்கும் நிலையம் ஒன்று. நடுவில் இரண்டு ஊரில் தங்கி மூன்று வண்டியில் போகும் பயணத்தை ஒரே டிக்கெட்டாக அங்கே போட வழியில்லை. அதைக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்தான் போட்டுத் தர முடியும்.

கவுன்டரில் தரும் முன்பதிவுப் படிவத்தில் வண்டி எண், தேதி, வகுப்பு, எங்கிருந்து எங்கே என்று எழுதும் கட்டங்களுக்குக் கீழே, தொடர் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் தனியே இடம் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் வெறுமையாகவே போகும் இடம் அது. நமக்கு வேண்டியது அதுதான். இடம் போதாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதிப் படிவத்தோடு வைத்துவிடலாம். முதல் வண்டி திருநெல்வேலியிலிருந்து சென்னை, இந்தத் தேதி. இரண்டாவது சென்னையிலிருந்து பிரயாக்ராஜ், இந்தத் தேதி. மூன்றாவது அங்கிருந்து வாராணசி, இந்தத் தேதி. மூன்றுக்கும் வண்டி எண் முன்கூட்டியே பார்த்து எழுதியிருக்க வேண்டும். பிறகு வாயால் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று:

“சார், திருநெல்வேலியிலேருந்து வாராணசிக்கு ஒரே டிக்கெட்டா வேணும். மெட்ராஸ்லயும் பிரயாக்ராஜ்லயும் பிரேக் ஜர்னி.”

கூட்டம் இருக்கும் நேரத்தில், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும்போது, சில ஊழியர்கள் “தனித்தனியா எடுத்துக்குங்கம்மா” என்று சொல்லிவிடுவார்கள். இப்படி டிக்கெட் போடுவதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். காலை தட்கல் நேரத்தில் போய் நிற்காமல், பிற்பகலில் கூட்டம் ஓய்ந்தபின் போனால் அவர்களுக்கும் பொறுமை இருக்கும், நமக்கும் வேலை நடக்கும். அப்படியும் மறுத்தால் முன்பதிவு மையத்தில் இருக்கும் மேற்பார்வையாளரைக் கேட்கலாம். நாம் கேட்பது சலுகை இல்லை, விதியில் உள்ளது.

தேதிகளைப் போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போது முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் இந்தக் கணக்கு. நம் தம்பதி ஊரிலிருந்து நான்காம் தேதி இரவு கிளம்பி, ஐந்தாம் தேதி காலை சென்னை சேர்கிறார்கள் என்று கொள்வோம். ஆறு, ஏழு இரண்டு நாளும் மகள் வீட்டில் இருக்கலாம். எட்டாம் தேதிக்குள் வடக்கே வண்டியேற வேண்டும். எட்டாம் தேதி ஏறினால் பத்தாம் தேதி பிரயாக்ராஜ். பதினொன்று, பன்னிரண்டு தங்கலாம். பதின்மூன்றுக்குள் கிளம்ப வேண்டும். ஆக, முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே ஒன்பது நாள் இடைவெளி. மூன்றையும் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்ய வேண்டுமானால் கடைசி வண்டிக்கு முன்பதிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் முதல் வண்டியில் இடம் தீர்ந்துவிடலாம். கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல் நேரங்களில் இது நிச்சயமாக இடிக்கும். அந்த நாட்களில் தங்கும் நாட்களைக் குறைத்து இடைவெளியைச் சுருக்கினால் வாய்ப்புக் கூடும். சாதாரண நாட்களில் சிக்கல் இல்லை.

வடக்கே போகும் பல வண்டிகள் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஓடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. சென்னையில் இரண்டு நாள் தங்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த எட்டாம் தேதிக்குள் ஒரு வண்டி இருக்க வேண்டுமே. எனவே வடக்கே போகும் வண்டியின் நாளை முதலில் பிடித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஊரிலிருந்து கிளம்பும் நாளைத் தீர்மானிப்பதுதான் சரி. இரண்டாவது வண்டி எழும்பூரிலிருந்து கிளம்புகிறதா, சென்ட்ரலிலிருந்து கிளம்புகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஆகும் ஆட்டோ செலவு பயணியுடையது.

மூன்று துண்டுக்கும் தனித்தனி முன்பதிவு எதற்கு, நேரே வாராணசிவரை ஒரே வண்டியில் படுக்கை போட்டுக்கொண்டு பிரயாக்ராஜில் இறங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு விதி இடம் தரவில்லை. எந்த நிலையம்வரை முன்பதிவு செய்திருக்கிறீர்களோ, அதற்கு முன்னால் இறங்கினால் பிரேக் ஜர்னி கிடையாது. காரணம் நியாயமானது. உங்கள் படுக்கை வாராணசிவரை உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் இறங்கிப் போனால் அது காலியாகப் போகும், இல்லையென்றால் டி.டி.ஆர். அதை ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். நாலு நாள் கழித்து இன்னொரு வண்டியில் நீங்கள் வந்து படுக்கை கேட்டால் அங்கே உங்கள் பெயர் இருக்காது. ஆகவே எங்கே இறங்கப் போகிறீர்களோ அதுவரைக்கும்தான் முன்பதிவு இருக்க வேண்டும். செல்போனில் எடுக்கும் இ–டிக்கெட்டில் பிரேக் ஜர்னி எடுபடாததற்கும் இதுவே வேர்: அந்த டிக்கெட்டில் சேருமிடம்வரை ஒரே வண்டியில் முன்பதிவு ஆகிவிடுகிறது.

ராஜதானி, சதாப்தி, ஜனசதாப்தி வண்டிகளுக்கு இந்த உரிமை பொருந்தாது. அவற்றின் டிக்கெட் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு என்று முடிந்துபோன கணக்கு.

சரி, நம் தம்பதி ஐந்தாம் தேதி காலை எழும்பூரில் இறங்கிவிட்டார்கள். இங்கே செய்ய வேண்டிய வேலை ஐந்து நிமிடத்துக்கும் குறைவானது. ஆனால் முழுப் பயணத்தின் உயிரும் அதில்தான் இருக்கிறது. டிக்கெட்டில் மேலெழுத்து வாங்க வேண்டும். இறங்கிய நிலையத்தின் குறியீட்டெழுத்து, அன்றைய தேதி, நிலைய அலுவலரின் சுருக்கொப்பம் மூன்றும் டிக்கெட்டில் விழ வேண்டும். சிறிய நிலையமானால் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கே போகலாம். பெரிய நிலையத்தில் வாசலில் நிற்கும் டிக்கெட் பரிசோதகரிடமோ டிக்கெட் பரிசோதகர் அலுவலகத்திலோ கேட்டால் வழிகாட்டுவார்கள். டிக்கெட்டை நீட்டும்போதே “பிரேக் ஜர்னி சார், என்டார்ஸ் பண்ணிக் குடுங்க” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நீட்டினால், பயணம் முடிந்தது என்று நினைத்து டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடும். வெளியே போய்விட்டு மறுநாள் வந்து கேட்கலாம் என்று விடக் கூடாது. பிரயாக்ராஜில் இறங்கும்போது இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும்.

இவ்வளவு சின்னக் கையெழுத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? பரிசோதகர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் புரியும். எட்டாம் தேதி இரவு அவர் கையில் வருவது நான்காம் தேதி தொடங்கிய ஒரு டிக்கெட். அதில் ஏற்கெனவே ஒரு பயணம் நடந்திருக்கிறது. அதை வைத்திருப்பவர் அதே ஆள்தானா, நடுவில் வேறு யாரிடமாவது கைமாறியதா, இது வழியில் தங்கியதா, அல்லது ஏற்கெனவே பயன்படுத்தி முடித்த டிக்கெட்டை மறுபடி காட்டுகிறாரா என்று அவருக்குத் தெரிய ஒரு வழிதான் உண்டு. எங்கே, எந்த நாள் இறங்கினார் என்று ரயில்வே ஊழியர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது இல்லாத டிக்கெட்டைச் செல்லாத டிக்கெட்டாக எடுத்துக்கொள்ள விதி அவருக்கு அதிகாரம் தருகிறது. அப்போது கட்டணத்தோடு கூடுதல் தொகையும் கட்ட வேண்டி வரும். ரயில்வே சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி இந்தக் கூடுதல் தொகை, கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. இருநூறு, முந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாயிரம் இழப்பது இப்படித்தான் நடக்கிறது.

பரிசோதகர் பார்க்கும் வரிசையையும் தெரிந்துவைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது. முதலில் மூல டிக்கெட்டைக் கேட்பார். கவுன்டரில் கொடுத்த அசல் தாள். செல்போனில் எடுத்த படமோ ஜெராக்ஸ் நகலோ செல்லாது. கவுன்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட தாள் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வண்டிக்கான தாளை மட்டும் காட்டி, பயணக் கட்டணம் அடங்கிய தாளை மகள் வீட்டு மேசையில் விட்டு வந்தால் வாதாடிப் பயனில்லை. பிறகு மேலெழுத்தைப் பார்ப்பார், தேதியை எண்ணுவார். அடுத்தது அடையாள அட்டை, பட்டியலில் உள்ள பெயர். கடைசியாக, இறங்கிய ஊர் டிக்கெட்டில் உள்ள பாதையில் வருகிறதா என்பது. விஜயவாடா, நாக்பூர் வழியாகப் போட்ட டிக்கெட்டை வைத்துக்கொண்டு மும்பையில் இறங்கி ஏற முடியாது.

முன்பதிவு இல்லாத சாதாரண டிக்கெட்டிலும் இந்த உரிமை உண்டு. 500 கிலோமீட்டர், இரண்டு நாள், மேலெழுத்து எல்லாம் அதற்கும் அப்படியே. அதில் ஒரு வசதி, பாதையில் போகும் எந்த வண்டியில் வேண்டுமானாலும் மீண்டும் ஏறலாம். ஆனால் மெயில், எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டோடு சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஏறினால் கூடுதல் கட்டணத்துக்குத் தனிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். முதல் வண்டி எக்ஸ்பிரஸாகவும் இரண்டாவது வண்டி சூப்பர்ஃபாஸ்டாகவும் அமைந்துவிடும்போது பலர் இதில் மாட்டுகிறார்கள்.

பயணத்தின் மீதிப் பகுதியை வேறொருவருக்குக் கொடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. சென்னைக்கு வந்த அம்மாவுக்கு முடியவில்லை, அவருக்குப் பதிலாக மகள் காசிக்குப் போகலாமே என்று வீட்டில் பேச்சு வரும். முன்பதிவு செய்த டிக்கெட்டை இன்னொருவர் பயணம் செய்யக் கொடுப்பது சட்டப்படி குற்றம். குடும்பத்தாருக்குப் பெயர் மாற்றித் தரும் ஏற்பாடு பயணம் தொடங்குவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டுச் செய்வது. பாதி வழியில் நம்மால் செய்துகொள்ள முடியாது.

இரண்டு இடம் போதாது, ஐந்தாறு தலங்களைப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும் என்றால் அதற்குச் ‘சர்க்குலர் ஜர்னி’ டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் எட்டு இடங்கள்வரை இறங்கித் தங்கலாம். எந்தெந்த ஊர், எந்தப் பாதை என்று எழுதிக் கோட்ட வணிகப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மதுரை, திருச்சி, சேலம் போன்ற கோட்டத் தலைமையிடங்களில் அந்த அலுவலகங்கள் உள்ளன. காசி, கயா, ஹரித்வார், பூரி என்று ஒரே சுற்றில் போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

இ–டிக்கெட்டைத் தவிர வேறு வழியில்லை என்பவர்களுக்கு 2019 ஏப்ரல் முதல் ஒரு சிறு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. இரண்டு தனி டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி தவறிவிட்டால், போகாத பயணத்துக்கான கட்டணம் பிடித்தமில்லாமல் திரும்பக் கிடைக்கும். இரண்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் இது இணைப்பு வண்டிக்கான பாதுகாப்பு. தொலைவு கூடுவதால் குறையும் கட்டணமோ, வழியில் இரண்டு நாள் தங்கும் உரிமையோ இதில் வராது.

இந்த இடத்தில்தான் ரயில்வேயிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. பயணிகளை இ–டிக்கெட்டின் பக்கம் திருப்பிவிட்டு, பழைய உரிமையைக் கவுன்டர் டிக்கெட்டோடு மட்டும் நிறுத்திவைப்பது நியாயமில்லை. டி.டி.ஆர்.கள் கையில் இன்று காகிதப் பட்டியலுக்குப் பதிலாகச் சிறு கருவி இருக்கிறது. யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று அதிலேயே பதிகிறார்கள். இன்ன பயணி இன்ன நிலையத்தில் இன்ன தேதியில் இறங்கினார் என்பதையும் அதே கருவியில் பதிய முடியும். பேனாவால் போடும் சுருக்கொப்பத்தைவிட அது நம்பகமாகவும் இருக்கும். முன்பதிவுத் தளத்தில் ‘வழியில் தங்க வேண்டுமா’ என்று ஒரு கட்டம் சேர்த்து, 500 கிலோமீட்டர் கணக்கையும் இரண்டு நாள் கணக்கையும் கணினியே பார்த்துக்கொண்டால், கவுன்டரில் வாதாடவும் வேண்டாம், நிலையத்தில் அலுவலரைத் தேடி அலையவும் வேண்டாம். ஊரில் பிள்ளைகள் இல்லாத முதியவர்கள், தீர்த்த யாத்திரை போகிறவர்கள், நீண்ட தூரம் தொடர்ந்து உட்கார்ந்து போக உடம்பு இடம் கொடுக்காதவர்கள் என்று இந்த உரிமை தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கணினியோடு சண்டை போட முடியாதவர்கள். தெற்கு ரயில்வே குறைந்தபட்சம் இந்த விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு முன்பதிவு மையத்திலும் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும்.

அதுவரை, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன்னால் வண்டி எண்களையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போங்கள். இறங்கிய ஊரில் கையெழுத்து வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.